நூல்புழுவின் தடம் – 9: பால் நிறத்தில் ஒரு புதிர்

சென்ற வாரம் பிரேசிலின் பாகியா நகரில் நிறுத்தியிருந்தோம். 1866 ஆகஸ்ட் மாதம். மருத்துவர் ஓட்டோ வூச்சரர் ஒரு பெண்ணின் சிறுநீரை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்திருந்தார். பாலில் சிறிது ரத்தம் கலந்ததுபோல் இருந்த சிறுநீர் அது. எகிப்தில் பில்ஹார்ஸ் கண்டுபிடித்த புழுவின் முட்டைகள் இதில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவருடைய நோக்கம். முட்டை ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக, யாரும் அதுவரை பெயரிட்டிராத நூல் போன்ற சிறு உயிர் ஒன்று நெளிந்துகொண்டிருந்தது.

அது என்ன என்று வூச்சரருக்குத் தெரியவில்லை. கண்டதை எழுதினார், அதற்கு மேல் ஊகிக்கவில்லை. பதில் அங்கிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, நம் நாட்டில், கல்கத்தாவில் காத்திருந்தது.

கல்கத்தா, 1870

திமத்தி லூயிஸ் வேல்ஸ் நாட்டுக்காரர், ராணுவ மருத்துவர். காலரா எதனால் வருகிறது என்று ஆராய 1869இல் கன்னிங்ஹாம் என்ற இன்னொரு மருத்துவருடன் கல்கத்தாவுக்கு வந்தார். அவருடைய மேசையில் நாள் முழுவதும் நுண்ணோக்கியும் நோயாளிகளின் கழிவுகளும்தான். காலராவின் காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் 1870இல், பால்போல் சிறுநீர் கழித்த ஒரு நோயாளியின் மாதிரியில், பிரேசிலில் வூச்சரர் கண்ட அதே நெளியும் நூலை அவர் கண்டார். வூச்சரரின் கட்டுரை அப்போது அவர் கைக்கு வந்திருக்கவில்லை.

சிறுநீரில் புழு இருந்தால் அது சிறுநீரகத்தில் குடியிருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். இரண்டு ஆண்டு அப்படியே போனது. 1872இல் வயிற்றுப்போக்குக்காகச் சேர்ந்த ஒருவரின் விரலில் எடுத்த ஒரு துளி ரத்தத்தை லூயிஸ் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார். அதே நூல்கள், ஒன்றல்ல, பல, ரத்த அணுக்களைத் தள்ளிக்கொண்டு துள்ளின. உடனே அவர் பால்நீர் நோயாளிகளைத் தேடிப் போய் அவர்களின் ரத்தத்தையும் பார்த்தார். அங்கேயும் இருந்தன. மனித ரத்தத்தில் வாழும் புழு என்று அதற்குப் பெயரிட்டு, அந்த ஆண்டே கல்கத்தாவில் நூல் வெளியிட்டார். பால்போன்ற சிறுநீரும் ரத்தத்தில் உள்ள புழுவும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று முதன்முதலாக நிறுவியது அந்த நூல்தான்.

லூயிஸ் பார்த்தவை குஞ்சுகள் மட்டுமே. தாய்ப்புழு எங்கே? 1876இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பாங்க்ராஃப்ட் ஒருவரின் கைக்கட்டியைக் கீறியபோது, தலைமயிர் கனத்தில் ஒரு வெண்ணிற நூலாக அது வெளியே வந்தது. இன்றும் அந்தப் புழு அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. மறு ஆண்டு, சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மேன்சன் அந்தக் குஞ்சுகள் கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டார்.

அடுத்து ஒரு விந்தை. பகலில் ஒரு நோயாளியின் ரத்தத்தில் புழுவே இல்லை. நள்ளிரவில் அதே நோயாளியின் ரத்தத்தில் கூட்டம் கூட்டமாக இருந்தது. மேன்சன் மணிக்கு மணி எண்ணி இதை உறுதிசெய்தார். இரவில்தான் கொசு கடிக்கிறது. புழுக்குஞ்சும் அந்த நேரத்துக்கே தோலுக்கு அருகே வருகிறது. லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி 1881இல் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். ரத்தம் கலந்த பால்நீர் நோயாளி ஒருவரைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் வைத்தார். சில நாளில் புழுக்குஞ்சுகள் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டு பகலில் வரத் தொடங்கின.

புழு பிடிபட்டது. அதைச் சுமக்கும் கொசுவும் பிடிபட்டது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் எவருக்கும் அடங்கவில்லை. அந்தக் குஞ்சு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, நிறமற்றது. அப்படியானால் சிறுநீரை வெள்ளையாக்குவது எது?

வழி தவறிய கொழுப்பு

இதற்கான விடையின் ஒரு பாதி, அதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே இத்தாலியில் தெரிந்துவிட்டது. 1622இல் காஸ்பாரே அசெல்லி என்ற மருத்துவர், நன்றாகத் தின்று முடித்திருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது, குடலைச் சுற்றி வெள்ளை நரம்புகள் வலையாக ஓடுவதைக் கண்டார். ஒன்றைக் குத்தினார், பால்போல ஒழுகியது. பட்டினி கிடந்த நாயில் அந்த வலையே கண்ணுக்குத் தெரியவில்லை.

நாம் சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் தேங்காயும் குடலில் செரித்து, நுண்ணிய கொழுப்புத் துளிகளாகின்றன. மாவுச்சத்தைப் போல இவை நேரே கல்லீரலுக்குப் போவதில்லை. குடலின் நிணநீர்க் குழாய்களுக்குள் நுழைந்து, முதுகெலும்பை ஒட்டி மேலேறி, நெஞ்சுக்குள் போய், இடது தோளருகே ஒரு பெரிய ரத்தக்குழாயில் கலக்கின்றன. அந்தப் பயணத்தில் நிணநீர் பால் நிறமாக இருக்கும். மருத்துவர்கள் இதைக் கைல் என்பார்கள். தமிழில் குடற்பால் என்றும் எழுதுகிறோம்.

லூயிஸும் பாங்க்ராஃப்டும் கண்ட அந்த யானைக்கால் புழு குடியேறுவது இந்த நிணநீர்க் குழாய்களில்தான். ஆணும் பெண்ணுமாகப் பின்னிக்கொண்டு ஐந்தாறு ஆண்டு அங்கேயே வாழும். குழாய் அகன்று தளரும். உள்ளே இருக்கும் வால்வுகள் மூடாமல் போகும். மேலே போகவேண்டிய குடற்பால் கீழே தேங்கி, அழுத்தம் தாங்காமல் பக்கத்துச் சிறு குழாய்களுக்குள் புகும். அந்தச் சிறு குழாய்களில் ஒன்று சிறுநீரகத்தின் உட்கிண்ணத்தில் வெடித்தால் போதும். மதியம் உண்ட மீன்குழம்பின் எண்ணெய் மாலையில் சிறுநீர் வழியாக வெளியேறிவிடும். இந்த நிலைக்குத்தான் கைலூரியா என்று பெயர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது விந்து அல்ல. "தாது போகிறது" என்று பயந்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல், லேகியத்துக்கும் ரகசிய வைத்தியத்துக்கும் காசைக் கொட்டி ஆண்டுக்கணக்கில் மெலிந்த ஆண்கள் நம் ஊர்களில் உண்டு. இந்த நோய் பெண்களுக்கும் வருகிறது. போவது உணவின் கொழுப்பும், அதோடு சேர்ந்த புரதமும்தான்.

நெய்யூர்

இப்போது நம் கதை தெற்கே இறங்குகிறது. இரணியலை ஒட்டிய நெய்யூரில், லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அப்போது இது திருவிதாங்கூர் மண். 1860களில் இங்கே இருந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களுக்கே மருத்துவம் கற்றுக்கொடுத்தார். 1922லும் 1924லும் எவரெஸ்டில் ஏற முயன்ற ஹோவர்ட் சோமர்வெல், மலையைவிட இந்த ஊர் பெரிதென்று இங்கே தங்கி அறுவைசிகிச்சை செய்தார். காயலும் கால்வாயும் தென்னந்தோப்பும் கதம்பை ஊறும் குழியும் சூழ்ந்த கரை இது. பாங்க்ராஃப்ட் புழுவைச் சுமக்கும் க்யூலெக்ஸ் கொசு, அழுக்குத் தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். சாக்கடை, கழிவுநீர்க் குழி, கதம்பைக் குழி எல்லாம் அதற்கு வீடுதான்.

இந்தப் பக்கத்து நோயாளி ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். பெயர் வேண்டாம், ஐம்பது வயதுத் தோப்புக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதமாக விட்டுவிட்டு வெள்ளையாகப் போகிறது. வலி இல்லை. எடை குறைந்திருக்கிறது. ஒரு நாள் வெள்ளைக் கட்டி ஒன்று சிறுநீர்க் குழாயில் அடைத்து, இரவு முழுக்க ஒரு சொட்டும் வராமல் துடித்த பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார்.

"டாக்டரே, பால் கறந்த மாதிரி போவுது. வீட்டுல சொல்லவும் வெக்கமா இருக்கு."

"கல்யாண வீட்டுல சாப்பிட்ட அன்னைக்குக் கூடுதலா இருந்துதா?"

அவர் யோசித்து, ஆமாம் என்கிறார். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி நோய் தெரிந்துவிடுகிறது. மீதிப் பாதிக்குச் சோதனை வேண்டும். ஏனென்றால் சிறுநீரை வெளுப்பாக்கும் காரணங்கள் வேறும் உண்டு.

முதலில் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி அசையாமல் வைக்கிறார்கள். கைல் கலந்திருந்தால் மூன்று அடுக்காகப் பிரியும்: மேலே பாலாடை போல் கொழுப்பு, நடுவே புரதமும் மெல்லிய கட்டிகளும், அடியில் அணுக்களும் நாரும். அடுத்தது ஈதர் சோதனை. சிறுநீருடன் அதே அளவு ஈதர் சேர்த்துக் குலுக்கினால் கொழுப்பு ஈதரில் கரைந்து மேலே போய்விடும். கீழே சிறுநீர் தெளிந்துவிடும். இரண்டு மூன்று சொட்டு அசிட்டிக் அமிலத்திலேயே தெளிந்தால் அது கைல் அல்ல, பாஸ்பேட் உப்பு, பயப்பட ஒன்றுமில்லை. இரண்டிலும் தெளியாமல் நின்றால் சீழாக இருக்கலாம், நுண்ணோக்கி சொல்லிவிடும். ஈதர் சட்டென்று தீப்பற்றும், இதை வீட்டில் யாரும் முயலவேண்டாம். சூடான் 3 என்ற சாயத்தைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் கொழுப்புத் துளிகள் செம்மஞ்சளாகத் தெரியும். இன்று பல ஆய்வகங்களில் சிறுநீரின் டிரைகிளிசரைடை நேரே அளக்கிறார்கள். ஆரோக்கியமான சிறுநீரில் அது இருக்கக்கூடாது. கணிசமாக இருந்தால் வேறு சாட்சி அதிகம் தேவையில்லை.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று பாட்டிலில் நடப்பது. வீட்டில் தேங்காய் எண்ணெய் இருந்த பாட்டிலைக் கழுவி அதில் மாதிரி கொண்டுவந்தால் ஒட்டியிருக்கும் எண்ணெயே சோதனையைக் கெடுத்துவிடும். ஆய்வகம் தரும் டப்பாவைத்தான் பயன்படுத்தவேண்டும். மற்றது நேரத்தில் நடப்பது. மருத்துவமனை என்றதும் வெறும் வயிற்றோடு வருகிறோம். வெறும் வயிற்றுச் சிறுநீர் தண்ணீர்போல் தெளிவாக இருக்கும். நோய் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அசெல்லியின் பட்டினி நாய் நினைவிருக்கிறதல்லவா? அதனால்தான் வெண்ணெயோ நெய்யோ சேர்ந்த உணவைக் கொடுத்து, சில மணி நேரம் கழித்து எடுக்கும் மாதிரியை மருத்துவர்கள் கேட்கிறார்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கைலோடு புரதமும் போவதால் சோதனைத் தாள் புரதம் மிக அதிகம் என்று காட்டும். அதை மட்டும் பார்த்துச் சிறுநீரகமே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, தேவையில்லாத மருந்துக்குப் போய்விடக்கூடாது. நிறத்தை யாராவது கேட்டிருந்தால் அந்தக் குழப்பமே வராது.

நம் தோப்புக்காரருக்கு எல்லாம் பொருந்தியது. கைலூரியா உறுதி. எந்தப் பக்கம் கசிகிறது என்று அறிய, கொழுப்பு உணவுக்குப் பிறகு சிறுநீர்ப்பைக்குள் சிறு விளக்குக் குழாயைச் செலுத்திப் பார்த்தார்கள். இடது சிறுநீரகத்தின் குழாய்வாயில் மட்டும் பால் பீறிட்டது. பிறகு இரவு பத்து மணிக்கு மேல் விரலில் ரத்தம் எடுத்தார்கள். தகட்டைச் சல்லடையாகச் சலித்தார்கள்.

ஒரு புழுக்குஞ்சுகூட இல்லை.

தாய்ப்புழு போன பிறகும்

அப்படியென்றால் லூயிஸ் சொன்னது பொய்யா? இல்லை. கைலூரியா நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இரவு ரத்தத்திலும் குஞ்சுகள் கிடைப்பதில்லை. குழாயைச் சிதைத்த புழு எப்போதோ செத்திருக்கும். சிதைந்த குழாய் அப்படியே இருக்கும். நோய் தலைகாட்டுவது தொற்று வந்து பல ஆண்டு கழித்து. புழு உயிரோடு இருக்கிறதா என்று அறிய இப்போது பகலிலேயே செய்யக்கூடிய ஆன்டிஜென் பட்டைச் சோதனை இருக்கிறது; புழு வெளியிடும் பொருளை ரத்தத்தில் தேடுவது அது. அதுவும் இல்லை என்றே வந்தாலும் பழைய தொற்றை அது மறுத்துவிடாது. காசநோய், அடிபடுதல், கட்டி போன்ற வேறு காரணங்களும் அரிதாக உண்டு என்பதால், நம் பகுதியில் பால்நீர் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு புழுவின் மேல் பழி போடவும் கூடாது.

சிகிச்சையின் முதல் படி டைஎத்தில்கார்பமசைன் மாத்திரை. உடல் எடையில் கிலோவுக்கு 6 மில்லிகிராம் கணக்கில், 12 நாளோ மருத்துவர் சொன்னால் இன்னும் கூடுதலாகவோ. அது புழுவைத் தாக்கும். கிழிந்த குழாயைத் தைக்காது. தைக்க உடலுக்கு அவகாசம் வேண்டும். குழாயில் ஓடும் குடற்பாலைக் குறைத்தால் கசிவின் அழுத்தம் குறையும், ஓட்டை தானாகவே மூட வாய்ப்பு வரும். பலருக்கு அப்படியே அடங்கிவிடுகிறது. அடங்காதவர்களுக்குச் சிறுநீரகத்துக்குள் நீர்த்த மருந்தைச் செலுத்தி ஓட்டையை மூடுவார்கள். அதுவும் பலிக்காதபோதுதான் அறுவை. அந்தப் படிகளுக்கெல்லாம் முன்னால், ஓடும் குடற்பாலைக் குறைக்கிற இடம் அடுக்களை.

நாஞ்சில் நாட்டு அடுக்களையில் அது எளிதல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுத்தரத் தேங்காய் ஒன்றின் பருப்பு ஏறக்குறைய 300 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு, அதாவது 100 கிராமாவது. நான்கு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரு தேங்காய் அரைத்தால் தலைக்கு 25 கிராம். கைலூரியா நோயாளிக்கு ஒரு நாளைக்கு அனுமதிக்கும் மொத்தக் கொழுப்பே பெரும்பாலும் 20 முதல் 30 கிராம்தான். தாளிக்க எண்ணெய்க் குப்பியைத் தொடுவதற்கு முன்பே பங்கு தீர்ந்துவிட்டது.

அதனால் முதலில் அரைப்பு நிற்கவேண்டும். தீயலும் அவியலும் எரிசேரியும் கொஞ்சநாள் வேண்டாம். தேங்காய் சேராத புளிக்கறி, ரசம், கஞ்சியும் சிறுபயறும், ஆவியில் வெந்த மரச்சீனி, கீரை, கொழுப்பு நீக்கிய பாலில் தோய்த்த மோர் என்று மாறலாம். சாளையும் அயிலையும் எண்ணெய் மீன்கள். கொழுப்புக் குறைந்த மீனைத் தேர்ந்து தேங்காயில்லாமல் குழம்பு வைக்கலாம். முட்டையில் வெள்ளைக் கரு மட்டும். புரதத்தைக் குறைக்கவே கூடாது, ஏனென்றால் சிறுநீரில் தினமும் அது போய்க்கொண்டிருக்கிறது. தண்ணீரும் தாராளமாக வேண்டும். கட்டி அடைப்பதை அது தடுக்கும்.

அடுத்து வருவது, நம் ஊரில் குறிப்பாக நடக்கும் ஒரு குழப்பம். "எம்.சி.டி. எண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று மருத்துவர் எழுதுவார். கொழுப்பின் அமிலங்கள் சங்கிலி போன்றவை. எட்டு, பத்து கார்பன் நீளமுள்ளவை குடலிலிருந்து நிணநீருக்குள் போகாமல் நேரே கல்லீரலுக்குப் போய்விடும். அதனால் கசியும் குழாயில் அவை ஏறுவதில்லை. உடலுக்கு வேண்டிய எரிபொருளும் கிடைத்துவிடும். எம்.சி.டி. என்பது அந்த நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பைத்தான் குறிக்கும். இந்த எண்ணெயைத் தேங்காயிலிருந்தும் எடுக்கிறார்கள் என்ற அரைச் செய்தி எப்படியோ பரவி, "அப்ப நம்ம தேங்காய் எண்ணெயே மருந்துதானே" என்று வீட்டில் ஊற்றத் தொடங்குவார்கள். அது தவறு. தேங்காய் எண்ணெயில் எட்டும் பத்தும் சேர்த்தே ஏறக்குறைய 15 சதவீதம்தான். பாதியளவு இருப்பது லாரிக் அமிலம், பன்னிரண்டு கார்பன். அதில் பெரும்பகுதியும் அதைவிட நீண்டவையும் நிணநீர் வழியாகவே போகும். தேங்காய் எண்ணெயில் பொரித்த பழம்பொரி இரண்டு தின்றால், மாலையில் சிறுநீர் அதைச் சொல்லிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் எம்.சி.டி. எண்ணெய் வேறு பொருள். அதிகச் சூட்டில் பொரிக்க ஏற்றதல்ல. வெந்த சோற்றிலோ பருப்பிலோ கலந்து, சிறிதளவிலிருந்து கூட்டவேண்டும். எடுத்த எடுப்பில் அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும். உடலுக்குக் கட்டாயம் வேண்டிய சில கொழுப்பு அமிலங்கள் அதில் கிடையாது என்பதால், மருத்துவர் மேற்பார்வையில்லாமல் மாதக்கணக்கில் அதையே நம்பியும் இருக்கக்கூடாது.

நம் தோப்புக்காரருக்கு மாத்திரையும் உணவுமாக ஒன்றிரண்டு மாதத்தில் சிறுநீர் தெளிந்தது என்று வைத்துக்கொள்வோம். அதோடு முடிந்துவிடவில்லை. திரும்ப வருவது இந்த நோயின் இயல்பு. எடையையும் ரத்தத்தின் அல்புமினையும் இடையிடையே பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கட்டி அடைத்துச் சிறுநீர் நின்றாலும், சிறுநீர் சிவந்தாலும், குளிர்க்காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

சேர்த்தலையில் ஒரு வியப்பு

இதுவரை புழு என்றால் ஒரே புழு என்றுதான் நாமும் பேசிவந்தோம். திருவிதாங்கூரின் யானைக்கால் நோயைக் கொசு ஆராய்ச்சியாளர் எம்.ஓ.டி. ஐயங்கார் 1930களில் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார். அவருடைய ஆய்வு 1938இல் வெளிவந்தது. அதே அரசின் வடபகுதியில், சேர்த்தலைப் பக்கத்தில் வீங்கிய கால்கள் ஏராளம். ஆனால் பாங்க்ராஃப்ட் புழு உள்ள ஊர்களில் எங்கும் காணும் விரைவீக்கம் அங்கே இல்லை. பால்நீரும் அந்த ஊர் நோயின் அடையாளம் அல்ல. கால் முழங்காலுக்குக் கீழேதான் வீங்கியிருந்தது. கொசுவும் க்யூலெக்ஸ் அல்ல. குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரில் ஒட்டி வளரும் வேறொரு கொசு.

ஒரே மகாராஜாவின் ஆட்சியில், ஒரே கடற்கரையில் யானைக்கால் நோய் இப்படி இரண்டு வேடம் போட்டது எப்படி? ஐயங்கார் குளத்திலிருந்து பிடுங்கிய அந்தச் செடியின் வேரில் என்ன கண்டார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)